தையலுக்குள் விடாத துணி

“அந்த ரவிக்கையெல்லாம் வேண்டாம்மா. வேற இடத்துல குடுத்துட்டோம்.”

“என்னங்க இது, மூணு மாசம் முன்னாடியே புக் பண்ணீங்களே! உங்களுக்காக ரெண்டு குடும்பத்தைத் திருப்பி அனுப்பினேன்.”

“போன்ல சொன்னதெல்லாம் புக்கிங்கா? அந்தக் கடையில ஏசி இருக்கு. போட்டுப் பாக்கறப்ப வேர்க்காது.”

“வெட்டிட்டேங்க.”

“வெட்டினதை நீயே போட்டுக்கோ.”

எதிர்முனையில் யாரோ சிரிப்பதும் கேட்டது. போன் ஸ்பீக்கரில் இருந்ததால், பக்கத்தில் காஜா எடுத்துக்கொண்டிருந்த தம்பி மனைவி ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள். டெய்லரான அவள் நாத்தனார் போனை அணைத்தாள். கத்தரிக்கோலை உறையில் போட்டுவிட்டு முகம் கழுவப் போனாள்.

நாத்தனாரைத் தெருவில் எல்லோரும் ‘கத்தரி’ என்றுதான் சொல்வார்கள். கைக்கும் பொருந்தும் பெயர், வாய்க்கும் பொருந்தும். கணவன் விட்டுப் போனபின் தம்பி வீட்டு முன்னறையில் ஒரு மிஷினோடு தொடங்கியவள். வெளிநாட்டிலிருந்து கல்யாணத்துக்கு வருகிறவர்கள்தான் அவளுக்குச் சோறு. அவர்கள் லீவு போட்டு வருவது சில நாளுக்கு. அதற்குள் தைக்க ஆள் கிடைக்காது. அதனால் முன்கூட்டியே வீடியோவில் பேசி, யாராவது சொந்தக்காரர் கையில் துணியும் அளவு ரவிக்கையும் வாங்கி, அவர்கள் இறங்குவதற்குள் தைத்து வைப்பாள். வந்த மறுநாள் போட்டுப் பார்த்தால் முடிந்தது. போன் எடுப்பதும் தேதி குறிப்பதும் தம்பி மனைவியின் வேலை.

வெளிநாட்டிலிருந்து போனில் பேசிய அந்த அம்மாவுக்கு இவர்கள் வைத்த பெயர் ஏர்போர்ட்டம்மா. வேண்டாம் என்று சொன்னதோடு அவள் விடவில்லை. உறவுக்காரர்களின் குரூப்பில், ‘அந்தப் பொம்பளை துணியையே நாசம் பண்ணிட்டா’ என்று போட்டாள். அந்த சீசன் முழுக்க மிஷின் துணி போர்த்திக் கிடந்தது.

மறுவருடம் அவளே கூப்பிட்டாள். மகளுக்குக் கல்யாணம். ஏசிக் கடையில் தேதி இல்லையாம்.

“பழசெல்லாம் மனசுல வச்சுக்காதே. உன் கை மாதிரி வருமா?”

தம்பி மனைவி கண்ணால் ‘வேண்டாம்’ என்றாள். கத்தரி போனை வாங்கினாள். “தைச்சுத் தரேங்க. பொண்ணுக்கும் உங்களுக்கும்.”

மணப்பெண்ணின் ரவிக்கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலத் தைத்தாள். உள்ளே இரண்டு பக்கமும் தாராளமாகத் துணி விட்டிருந்தாள். அது அவள் எப்போதும் செய்வது. வந்திறங்குகிறவர்கள் சொந்தக்காரர் வீடு வீடாக விருந்து சாப்பிட்டு, முகூர்த்தத்துக்குள் ஒரு சுற்றுப் பெருத்துவிடுவார்கள். அன்றைக்குப் பக்கத் தையலைப் பிரித்து விடுவதற்குத்தான் அந்தத் துணி.

அம்மாவின் ரவிக்கையை வெட்டும்போது சாக்பீஸ் கோடு அளவை ஒட்டியே போனது.

“அண்ணி, உள்ள விடலையா?”

“நீ காஜாவைப் பாரு.”

போட்டுப் பார்த்த அன்று சிற்பம் மாதிரி உட்கார்ந்தது. ஏர்போர்ட்டம்மா கண்ணாடி முன் இரண்டு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

கல்யாணக் காலையில் மண்டபத்திலிருந்து அழைப்பு வந்தது. இருவரும் போனார்கள். அலங்கார அறையில் பெண்கள் நெருக்கியடித்து நிற்க, ஏர்போர்ட்டம்மா மூச்சை அடக்கி நின்றாள். கொக்கி மாட்ட ஒரு விரல் தூரம் இருந்தது.

“பிரிச்சு விடும்மா, சீக்கிரம்!”

கத்தரி தையலைத் திருப்பிக் காட்டினாள். “பிரிக்க உள்ள துணி இல்லீங்க.”

“எல்லா டெய்லரும் விடுவாங்களே!”

“பொண்ணுக்கு விட்டிருக்கேன், பாருங்க. போன வருஷம் உங்களுக்காக வெட்டினது பீரோவுல இருக்கு. அதுல நிறைய விட்டிருந்தேன். நீயே போட்டுக்கோன்னு சொல்லிட்டீங்க.”

யாரோ ஒருத்தி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். பட்டுப்புடவைக்குக் கொஞ்சமும் ஒட்டாத ஒரு பழைய ரவிக்கையோடு ஏர்போர்ட்டம்மா எல்லாப் படத்திலும் நின்றாள். கத்தரி சாப்பிடாமல் கிளம்பவில்லை. பந்தியில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தாள்.

அந்த வாரமே குரூப்பில் வந்தது: ‘உள்ளே துணி விடக்கூடத் தெரியாத டெய்லர்.’ அடுத்த சீசனுக்குப் புக் பண்ணியிருந்த ஒருத்தி போனில் தயங்கினாள். “நிஜமா அக்கா? அவங்களுக்கு விடத் தெரியாதா?”

தம்பி மனைவி போனைக் கையால் பொத்திக்கொண்டாள். வரும் சீசன் கண் முன்னே கைநழுவுவது தெரிந்தது.

“அண்ணி, அவசரத்துல மறந்துட்டீங்கன்னு சொல்லிடறேன். அதோட போகட்டும். எல்லாருக்கும் மறதி உண்டு.”

கத்தரி மிஷினை நிறுத்தினாள். இத்தனை வருடத்தில் தம்பி மனைவியிடம் அவள் எதையும் கேட்டதில்லை, அதட்டித்தான் பழக்கம்.

“உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன்மா. புக்கிங் போனா போகட்டும். மறந்துட்டேன்னு மட்டும் சொல்லிடாதே. வேணும்னேதான் விடலைன்னு சொல்லு.”