மார்ச் மாத ரேட்டு

உளவு சொல்கிறவள் தாளின் அடியில் தன் பெயரையும் போன் போட்ட நேரத்தையும் எழுதி வைப்பாளா? சத்யபிரியாவின் ஊரான அச்சன்புதூரில் இதைக் கேட்டால் யாரும் பதில் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். அவள் எதிர் விடுதிக்குத் தகவல் கொடுத்தாள், பிடிபட்டாள், வெளியே தள்ளினார்கள் என்று மட்டும் தண்ணீர்க் குழாயடியில் நின்றுகொண்டு சொல்கிறார்கள். தள்ளவில்லை. அவளாக வந்தாள். நடந்ததை நடந்தபடி கேட்டுவிட்டு அப்புறம் பேசட்டும்.

குற்றாலத்தில் ஐந்தருவி ரோட்டில் நம்பிராஜன் அண்ணாச்சியின் விடுதி இருக்கிறது. பதினெட்டு அறை. சத்யபிரியா அங்கே ஆறு வருடம் ஆபீஸ் வேலை பார்த்தாள். மெயில் பார்ப்பது, அறை பதிவு செய்வது, கோபமாக வருகிற ஆளை உட்கார வைத்துக் காபி கொடுப்பது எல்லாம் அவள்தான்.

மேனேஜர் கோமதிசங்கருக்கு விடுதியில் நீச்சல் குளம் வேண்டும் என்று ஆசை. அதற்காகச் சென்னையிலிருந்து ஒரு கம்பெனியைப் பிடித்து, பக்கத்து விடுதிகளோடு இந்த விடுதியை ஒப்பிட்டு ஒரு பெரிய அறிக்கை வாங்கினார். ஐம்பத்திரண்டு ஸ்லைடு. பக்கத்துக்குப் பக்கம் வட்டமும் கம்பமுமாகப் படம். முடிவில், குளம் வெட்டினால் இரட்டிப்பு வாடகை வாங்கலாம் என்று கொட்டை எழுத்து. அண்ணாச்சி வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் எழுதத் தயாராகிவிட்டார். திங்கட்கிழமை மண் தோண்ட வண்டி வருகிறது என்றும் பேச்சு.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அண்ணாச்சி அந்தக் கட்டைச் சத்யபிரியா மேசையில் போட்டார்.

“பன்னெண்டு மணிக்கு மசூது பாய் வருதாரு. பாதிப் பங்கு அவருக்கு. அம்பத்திரண்டு பக்கத்த அவரும் படிக்க மாட்டாரு, நானும் படிக்க மாட்டேன். ஒரே தாளுல ஒரு டேபிள் போடு. கீழ நாலு வரி எழுது. எது ரொம்ப முக்கியமோ அது மட்டும்.”

அது ஜூலை. முந்தின ராத்திரி மலையில் கொட்டிய மழையில் அருவிகளில் வெள்ளம் வந்து, காலையிலேயே குளிக்கத் தடை போட்டிருந்தார்கள். மதுரையிலிருந்து வந்த குடும்பம் ஒன்று துண்டும் எண்ணெயுமாக வரவேற்பறையில் நின்று காசைத் திருப்பிக் கொடுங்கள் என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் சத்யபிரியா கோடு போட்டாள். குறுக்கே நாலு விடுதி: நம்முடையது, மூங்கில் வீடு, பாறையடி, கோட்டைக்கரை. நெடுக்கே வாடகை, சாப்பாடு, அருவிக்குத் தூரம், குளம், எத்தனை அறை நிறைகிறது, வந்துபோனவர்கள் கொடுத்த மார்க்கு, தடை போட்டால் என்ன செய்கிறார்கள் என்பது.

வாடகையில் கை நின்றுவிட்டது. மூங்கில் வீடு 5,800, நாம் 3,200 என்று இருந்தது. இவ்வளவு வித்தியாசம் எப்படி? அவளே இந்த வாரம் 5,500-க்கு அறை கொடுத்திருக்கிறாளே. மெயிலில் வந்திருந்த அதே ஸ்லைடைத் திறந்து, அடியில் எறும்பு போன்ற எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். மற்ற விடுதிகளின் ரேட்டு எடுத்தது ஜூலையில். நம் ரேட்டு மார்ச் மாதத்துப் பழைய அட்டையிலிருந்து எடுத்தது. சாரல் காலத்தையும் வெயில் காலத்தையும் ஒரே தராசில் வைத்திருக்கிறார்கள். குற்றாலத்துக்காரன் எவனும் இதைச் செய்ய மாட்டான்.

இரண்டையும் ஒரே மாதத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஜூலைக்கு ஜூலை கையில் இருக்கிறது. மார்ச்சுக்கு மார்ச் இல்லை. பாறையடிக்கும் கோட்டைக்கரைக்கும் அவர்கள் இணையப் பக்கத்திலேயே இரண்டு ரேட்டும் கிடைத்தது. மூங்கில் வீட்டுக்குக் கிடைக்கவில்லை. அங்கே வரவேற்பில் இருப்பது பெர்சிஸ், கூடப் படித்தவள். சத்யபிரியா ஆபீஸ் போனிலேயே கூப்பிட்டாள். பத்து மணி பத்து நிமிடம்.

“ஏட்டி பெர்சிஸ், உங்க மார்ச் மாச ரேட்டு என்னட்டி?”

“என்ன, புருஷனக் கூட்டிட்டு வந்து தங்கப் போறியா?”

“அவரு வந்தா உங்க கேன்டீன் தாங்காது. ஆபீஸ்ல ஒரு டேபிள் போடுதேன், அதுக்குத்தான். உன் பேரச் சொல்லி எழுதலாமா?”

“வாசல்ல போர்டுலயே எழுதித் தொங்குது. சாரலுக்கு 5,800, மத்த மாசம் 3,400. நல்லா எழுதிக்கோ.”

இவ்வளவுதான் பேச்சு. இதைத்தான் உளவு என்கிறார்கள்.

பதினொன்றரைக்குக் கோமதிசங்கர் அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். “பாறையடிக்கு எத்தனை அறை நிறையுதுன்னு கட்டத்துல ‘தெரியவில்லை’ன்னு போட்டிருக்க?”

“அறிக்கையில இல்ல சார்.”

“தொண்ணூறு சதவீதம்னு போடு. அங்க குளம் இருக்குல்லா.”

“யாரு எண்ணினா சார்?”

அவர் தாளைத் தன் பக்கம் இழுத்தார். கீழே இருந்த நாலு வரியைப் படித்தார். முகம் கறுத்துவிட்டது. “முதல் வரியில குளத்தப் போடுட்டி. உன் வேலை சுருக்கி எழுதுதது. யோசிக்கது இல்ல.”

“யோசிக்காம எதை விடுதது, எதை வைக்கது சார்?”

பன்னிரண்டுக்கு மசூது பாய் வந்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நாலு வரியைச் சத்தமாகவே படித்தார்.

‘ரொம்ப முக்கியம்: இணையத்தில் நம்மைத் திட்டி எழுதிய அறுபது பேரில் முப்பத்தெட்டு பேர், குளிக்கத் தடை போட்ட நாளில் பணமும் தரவில்லை, வேறு தேதியும் தரவில்லை என்கிறார்கள், மற்ற மூன்று விடுதியும் தேதி மாற்றிக் கொடுக்கிறது. ஒரே மாதத்தை ஒப்பிட்டால் மூங்கில் வீட்டுக்கும் நமக்கும் வாடகை வித்தியாசம் முந்நூறுக்குள்தான். குளம் இல்லாத கோட்டைக்கரைக்குத்தான் மார்க்கு அதிகம். குளத்தால் அறை நிறைகிறது என்பதற்கு அறிக்கையில் கணக்கு இல்லை.’

வரவேற்பறையில் மதுரைக்காரர் இன்னும் கத்திக்கொண்டிருந்தார். மசூது பாய் கதவைக் காட்டினார். “நம்பி, முதல் வரிய அந்த ஆளு நான் வந்ததுலேருந்து சொல்லிட்டிருக்காரு. நமக்குத்தான் கேக்கல. குளம் இப்ப வேண்டாம்.”

அண்ணாச்சிக்கு மூச்சு வந்தது போல இருந்தது. வீட்டுப் பத்திரம் தப்பியது. சத்யபிரியாவும் அப்போதுதான் நாற்காலியில் சாய்ந்தாள்.

கோமதிசங்கர் தாளின் அடியில் விரல் வைத்தார். மூங்கில் வீட்டு மார்ச் ரேட்டு, பெர்சிஸ் சொன்னது, போனில் சத்யபிரியா, பத்து பத்து என்று அங்கே எழுதியிருந்தது. “அண்ணாச்சி, நாம என்ன செய்யப் போறோம்னு சொல்ல எதிராளி ஆபீஸுக்கு இவ போன் போட்டிருக்கா. நம்ம போன்லயே. அங்க இவ கூட்டாளிதான் இருக்கா.”

“என்ன பேசுனாளோ, யாருக்குத் தெரியும்?” என்று வேறு சேர்த்தார்.

அண்ணாச்சி அவளைப் பார்த்தார். அவருக்குத் தெரியும். ஆறு வருடமாக லாக்கர் சாவியை அவளிடம்தான் விட்டுவிட்டுப் போவார். ஆனால் கோமதிசங்கர் அவர் மனைவியின் தம்பி. அன்றைக்கு ஏற்கெனவே ஒரு முறை தோற்றுப்போன ஆள். அவருக்கும் ஏதாவது கொடுக்க வேண்டுமே.

“பிள்ள, கேக்காம போன் போட்டது தப்புதான். ஒரு தாளுல மன்னிப்புன்னு எழுதிக் கொடுத்திரு. ஃபைல்ல கிடக்கட்டும். வேலைக்கு ஒண்ணும் ஆகாது.”

“ரோட்டுல போற ஆளு கேட்டாலும் சொல்லுத ரேட்டு அண்ணாச்சி. மறைச்சிருந்தா அடியில எழுதியிருப்பனா?”

“தெரியுது. சும்மா ஒரு வரிதான.”

சும்மா ஒரு வரி. ஒரு வரியில் என்ன இருக்கும் என்று காலையிலிருந்து அதைத்தானே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஒரு வரியை எழுதினால் நாளைக்கு ஃபைலைத் திறக்கிறவன் வேறு எதையும் படிக்க மாட்டான். மசூது பாய் கண்ணாடியைக் கழற்றி மறுபடி துடைத்தார்.

“அந்த நாலு வரியில எது பொய்னு காட்டுங்க அண்ணாச்சி, எழுதித் தாரேன்.”

அண்ணாச்சி பேனாவை அவள் பக்கம் நகர்த்தினார்.

சத்யபிரியா லாக்கர் சாவியை அந்தத் தாளின் மேல் வைத்தாள். சாப்பாட்டுத் தூக்கையும் குடையையும் எடுத்துக்கொண்டாள். வரவேற்பறையில் மதுரைக்காரரின் மனைவி, “ஏம்மா, நீயாவது ஒரு பதில் சொல்லேன்” என்று கையைப் பிடித்தாள். “உள்ள மசூது பாய் இருக்காரு, இப்பவே போய்க் கேளுங்க, வேற தேதி தருவாங்க” என்று சொல்லிவிட்டு, சாரலில் குடையை விரித்துக்கொண்டு வாசலைத் தாண்டினாள்.