ஆமையின் இடது கை

பைக் டாக்ஸி ஸ்டாண்டில் அவருக்கு ஆமை என்று பெயர். மற்றவர்கள் நாலு சவாரி அடிக்கும் நேரத்தில் இவர் இரண்டுதான் முடிப்பார். பதினெட்டு வருஷத்தில் பின்னால் உட்கார்ந்த ஒருவருக்கும் சிராய்ப்புகூட இல்லை என்பதை மட்டும் கேலி செய்பவர்கள் வசதியாக மறந்துவிடுவார்கள்.

அன்று காலை கண் தெரியாத பெண் ஒருத்தி வந்தாள். மலைமேல் ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர். பஸ் ஓடாததால் இரண்டு நாள் தாமதம். இன்றும் எட்டு மணிக்குப் போகாவிட்டால் வேலை போய்விடும். ஸ்டாண்டில் எல்லோரும் கைவிரித்தார்கள். நேற்று ஏற்றிப்போனவன் முதல் வளைவிலேயே இறக்கிவிட்டிருந்தான்.

"வண்டி ஒரு பக்கம் சாஞ்சா இது எதிர்ப்பக்கம் சாயுது. என்னையும் சேர்த்துக் கவுத்துடும்," என்றான் அவன்.

"வண்டி சாயறப்ப விழப்போறோம்னு தோணுது அண்ணே," என்றாள் அவள்.

ஆமைக்குக் கோபம் வந்தது, அவன்மேல். "கண்ணிருக்கறவனுக்கு வளைவு வருதுன்னு ரோடே சொல்லுது. உனக்கு யாரும்மா சொன்னா?"

அவள் முதுகில் தொங்கிய கனமான பையை வாங்கி டேங்க்கின் மேல் கட்டினார். பாரம் பின்னால் தொங்கினால் முன்சக்கரம் லேசாகிவிடும். பின்டயருக்குக் கொஞ்சம் காற்றும் அடித்தார்.

"நான் சொன்னப்புறம் ஏறு. முன்னால தள்ளி உக்காந்து என் இடுப்பைப் புடிச்சுக்கோ. நிக்கிறப்பவும் கால் ஃபுட்ரெஸ்ட்லயே இருக்கணும். வலது கை ஆக்சிலேட்டர்ல இருக்கும், இடது கைதான் பேசும். உன் முழங்கால்ல ஒரு தட்டுன்னா இடது வளைவு, ரெண்டுன்னா வலது. நான் எவ்வளவு சாயறேனோ அவ்வளவுதான் நீயும். கூடவும் வேணாம், குறையவும் வேணாம். பயமா இருந்தா என் தோள்ல தட்டு, நிறுத்திடறேன்."

முதல் வளைவில் அவள் உடம்பு விறைத்தது. இரண்டாவதில் இளகியது. ஐந்தாவது வளைவுக்குள் பின்னால் ஆள் இருப்பதே தெரியவில்லை. கண்ணுள்ள எத்தனையோ பேர் இப்படி உட்கார்ந்ததில்லை என்று ஆமை வியந்துகொண்டார்.

ஏழாவது வளைவுக்குச் சற்று முன் எதிரே ஒரு லாரி பாதி ரோட்டை அடைத்துக்கொண்டு இறங்கியது. கியர் குறைக்க இடது கை கிளட்ச்சுக்குப் போய்விட்டது. தட்ட நேரமில்லை. எதிர்ப்பக்கம் சாய்ந்தாளானால் வண்டி விலகி நேரே லாரியிடம் போகும். ஆமை இடதுபுறம் சாய்ந்தார். அவளும் அதே அளவு சாய்ந்தாள். லாரி கடந்து போயிற்று.

ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தியபோது எட்டுக்கு ஆறு நிமிஷம் இருந்தது. ஆமை டேங்க்கிலிருந்து பையை அவிழ்த்தார்.

"தட்டாமலே எப்படிம்மா தெரிஞ்சுது?"

"என் கை உங்க இடுப்புலதானே இருந்துச்சு. சாயறதுக்கு முன்னாடி மூச்சைப் புடிச்சுக்கறீங்க அண்ணே, எல்லா வளைவுலயும். வலதுன்னா வலது பக்கம் இறுகுது, இடதுன்னா இடது."

பதினெட்டு வருஷமாக யாருக்கும் தெரியாமல் வைத்திருந்தது அது. "பயம்மா," என்றார் ஆமை. "பின்னால ஒரு உசிரு இருக்கே."

அவள் பையை வாங்கித் தோளில் மாட்டினாள்.

"அந்தப் பயம் அப்படியே இருக்கட்டும் அண்ணே. சாயங்காலம் அஞ்சு மணிக்கு வந்துடுங்க."