மூக்குல ஒரு குத்து

"போட்டோவுக்குக் கீழ என்ன எழுதட்டும்?" என்று கேட்டேன்.

"நீதான காலேஜ் படிச்சவ. சொல்லு பாப்போம்" என்றாள் அமலராணி.

"தைரியமா இருக்கணுமா?"

"ஆமா. ஆனா கத்தக் கூடாது."

நான் யோசித்து, "யார் என்ன சொன்னாலும் எனக்குக் கவலையில்லை" என்று தட்டினேன். அதையே ஆங்கிலத்திலும் சொல்லிக் காட்டினேன்.

"வேணாம்டி ரீனா. சொந்தக்காரங்கள எதுக்கு என் மூக்குக்குக் கீழ கொண்டுவந்து உக்கார வைக்கிற? போட்டோவுல அவுக யாரும் இல்லையே."

"அப்ப என்னதான் எழுத?"

"நடந்தத எழுது. மூக்குல ஒரு குத்து. அம்புட்டுதான்."

"அம்புட்டுதானா?"

"அதையும் சேத்து எழுது."

பிரவுசிங் சென்டர் மீரான் பாய் தன் மேசையிலிருந்தே குரல் கொடுத்தார். "ரெண்டு பேரும் சண்டைய முடிச்சிட்டு எந்திரிங்கம்மா. வெளிய ஆள் நிக்குது."

"மூக்குல ஒரு குத்து. அம்புட்டுதான்" என்று அடித்து அவளுடைய ஆர்குட் பக்கத்தில் ஏற்றினேன். 2007 மழைக்காலம். நாகல் நகரில் எங்கள் கூரியர் ஆபீசுக்கு எதிர்ச்சாரியில் இருந்தது அந்தக் கடை.

ஆபீசில் நான் கம்ப்யூட்டரில் விலாசம் ஏற்றுவேன். அமலராணி போன் செய்வாள். "கூரியர்லருந்து பேசுறோம், வீட்டுல இருக்கீங்களா?" என்று அவள் தொடங்கினால் எதிர்முனையில் எரிச்சலோடு எடுத்தவரும் இறங்கிவந்து வழி சொல்வார். எனக்குப் போன் என்றாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். தமிழ்வழியில் பத்தாவது வரையும் பிறகு ஆங்கிலத்திலும் படித்ததில், இரண்டு மொழியிலும் பேசாமல் இருக்கத்தான் கற்றிருந்தேன். என் மேசையில் போன் அடித்தால் அவள் எட்டி எடுத்துவிடுவாள். ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை.

அமலராணி சிறுவயதிலேயே பெற்றோரை இழந்தவள். அவளைப் படிக்க வைத்து ஆளாக்கியவர் அண்ணன் ராயப்பராஜ். அவர் குவைத்துக்குப் போனபின் ரோஸ்மேரி அத்தை வீட்டில் இருந்தாள். உறவில் அவள் மதித்து நடக்கும் ஒரே ஆள் அந்த அண்ணன்தான். மூக்கு குத்தியதை மற்றவர் வாயால் அவர் கேட்கக் கூடாது, தன் படத்திலிருந்தே தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் அவ்வளவு அவசரமாக அதை ஏற்றச் சொன்னாள்.

ஏனென்றால் அத்தை அப்போதே சொல்லிவிட்டிருந்தார். "நம்ம வீட்டுல எவ மூக்கு குத்துனா? பொண்ணு பாக்க வாரவுக என்ன நினைப்பாக? இரு, ஞாயித்துக்கிழமை ராயப்பன் போன் பண்ணட்டும்."

"சேவுகம்பட்டிப் பெரியம்மா ரெண்டு பக்கமும் குத்தியிருக்காகளே அத்தே."

"அவ காட்டுல வேலை பாக்கிறவ."

"அப்ப காட்டுக்குத்தான் மூக்கு இருக்கணுமா?" என்று கேட்டுவிட்டு இவள் சாப்பிடப் போய்விட்டாள்.

குத்திய அன்று நானும் கூட இருந்தேன். பியூட்டி பார்லரில் காது குத்தும் துப்பாக்கி வைத்திருந்தார்கள். காது மடலுக்கு அது சரி, மூக்குக்கு வேண்டாம் என்று அவள் நகை ஆசாரியிடம் போனாள். அவர் கைகழுவி வந்து, வலது மூக்கில் பேனாவால் புள்ளி வைத்துக் கண்ணாடியைக் கொடுத்தார். "செத்த மேல" என்றாள். அழித்து மீண்டும் வைத்தார். சிரிக்கச் சொல்லிப் பார்த்தார். சிரிக்கும்போது மூக்கு விரியும், புள்ளி இடம் மாறும் என்றார். பிறகு முனை கூராக்கிய மெல்லிய தங்கக் கம்பியைக் கொதிநீரிலிருந்து எடுத்தார். "மூச்ச உள்ள இழு. இப்ப விடு." விடும்போது கம்பி வெளியிலிருந்து உள்ளே போய்விட்டது. உள்ளே வந்த முனையைக் குறட்டால் பிடித்து வளைத்துச் சிறு வளையமாக்கினார். வலது கண்ணிலிருந்து தானாகக் கண்ணீர் கொட்டியது. தொடர்ந்து தும்மினாள். மூக்கு தக்காளியாகச் சிவந்தது.

அந்த நிலையிலேயே, கையில் கைக்குட்டையோடு, "இப்பவே எடுடி" என்றாள். அவள் செல்போனில் எடுத்தேன். மங்கலான கேமரா. முடிபோன்ற கம்பி அதில் விழவே இல்லை. சிவந்த மூக்கும் ஈரக் கண்ணும் மட்டும் விழுந்தன. அவள் முகம் எனக்குப் பழகியதால் எனக்குக் கம்பி தெரிந்தது போலவே இருந்தது.

ஞாயிறு பூசை முடிந்து அத்தை வீட்டில் எனக்கும் சாப்பாடு. கறி கொதித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அத்தை முந்தானையில் கை துடைத்துக்கொண்டு ஓடினார். காலையிலிருந்தே அதற்காகக் காத்திருந்தவர். அமலராணி தட்டு எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். கை மட்டும் நின்றது.

"ஏப்பா ராயப்பா, ஒன் தங்கச்சி பண்ணுன..." என்று ஆரம்பித்த அத்தை பாதியில் நின்றார்.

எதிர்முனைச் சத்தம் அடுப்படிவரை கேட்டது. "யாரு அத்தே அவள அடிச்சது? நீங்களா?"

"நானா? நான் எதுக்குடா அவள அடிக்கிறேன்?"

"மூக்குல ஒரு குத்துன்னு போட்டோவோட போட்டிருக்கா! மூக்கு வீங்கிக் கெடக்கு, அழுதுக்கிட்டு நிக்கிறா. ரூம்ல இருக்கிற பயலுக எல்லாம் பாத்தானுக. என்ன நடக்குது அங்க?"

"அடப்பாவி, மாதா மேல சத்தியமா நான் தொடலப்பா! அவளா ஆசாரிகிட்டப் போயி மூக்கு குத்திக்கிட்டு வந்தா. சும்மா மூக்குத்திடா! எல்லாரும் குத்துறதுதான! நல்லாத்தான் இருக்கு அவளுக்கு!"

சொன்னபின்தான் தான் சொன்னது அத்தைக்கே உறைத்தது. போனைப் பாம்பைப் போல நீட்டினார். அமலராணி வாங்கினாள்.

"மூக்குத்தியா?" என்றது குரல். "அம்புட்டுதானா?"

"அம்புட்டுதான்னு போட்டிருந்தேனேண்ணே. கடைசி வரைக்கும் படிக்கலையா நீ?"

அவர் சிரிக்கத் தொடங்கினார். இவளும் சிரித்தாள். சிரித்தால் புண் வலிக்கும் என்று மூக்கருகே கையை வைத்துக்கொண்டு சிரித்தாள். அத்தை, "கறி அடிப்பிடிக்குது" என்று உள்ளே போனார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் மூக்குத்தியைப் பற்றி யாரும் குறை பேச முடியவில்லை. அத்தையே நற்சாட்சி சொல்லிவிட்டாரே.

புண் ஆற நாளானது. வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் பஞ்சை நனைத்து ஒற்றுவாள். முகம் துடைக்கையில் துண்டு கம்பியில் சிக்கினால் கண்ணில் நட்சத்திரம் தெரிகிறது என்பாள். கம்பியோரம் ஒரு சிறு பரு எழும்பியபோது, தங்கம் சேரவில்லை, கழற்றிவிடு என்று ஆபீசில் சிலர் சொன்னார்கள். கழற்றினால் ஓரிரு நாளில் துளை மூடிக்கொள்ளும். அவள் கழற்றவில்லை, திருகவும் இல்லை. பரு தானாக வற்றியது.

படத்தைப் பார்க்கும் ஒவ்வொருவரும் "யாரு அடிச்சது?" என்று கேட்டார்கள். வரியைத் திருத்தித் தரட்டுமா என்றேன். "எதுக்கு? கேக்கிறவுக கேட்டுட்டுச் சிரிக்கிறாக" என்றாள். எனக்கு அதில் பெரிய நிம்மதி. எதையும் பத்துமுறை அழித்து எழுதுகிறவள் நான். தவறாகப் படிக்கப்பட்ட ஒரு வரியோடும் ஒருத்தி சந்தோஷமாக வாழலாம் என்று அவள் பக்கத்தில் உட்கார்ந்துதான் பார்த்தேன். இன்று என் மேசைப் போனை நானே எடுக்கிறேன். அதற்கும் அவளுக்குத்தான் நன்றி.

அடுத்த கோடையில் விடுமுறைக்கு வந்த ஒருவரிடம் அண்ணன் ஒற்றைக்கல் மூக்குத்தி கொடுத்தனுப்பினார். கம்பியை வெட்டி எடுத்து, அதைவிடத் தடித்த தண்டை அதே துளையில் செலுத்தி, உள்ளிருந்து திருகாணி போட வேண்டும். குத்தியதைவிட அதுதான் வலிக்கும் என்று ஆசாரி முன்பே சொல்லியிருந்தார்.

அன்று சாயங்காலம் ஆபீஸ் ஷட்டரை இறக்கும்போது அவள் என் பக்கம் திரும்பாமல் கேட்டாள்.

"நாளைக்குக் கூட வாரியா? திருகாணி போடையில என் கையக் கெட்டியா பிடிச்சுக்கோடி. எனக்குப் பயமா இருக்கு. ஆனா போட்டோ எடுக்கையில உன் கை தெரியாமப் பாத்துக்கோ."