முறுக்கு கொடுத்த முதலாளிக்கு ஒரு கடிதம்

ஈப்போவில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் ஒரு சின்ன அச்சகத்துக்கு நேர்காணலுக்குப் போனேன். தமிழ்த் தட்டச்சு வேலை. முதலாளி என் தமிழைப் பற்றிக் கேட்டது கொஞ்சம். எந்தத் தோட்டத்து ஆளுங்க என்று கேட்டதுதான் அதிகம். அவரும் அம்மாவும் ஒரே ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்கள் என்று தெரிந்ததும் தேநீர் வந்தது, முறுக்கு வந்தது. "சொல்லி அனுப்புறேம்மா" என்றார்.

முறுக்கு தின்றவளுக்கு வேலை கிடைக்காமலா போகும்? பத்து காஜா ஊரில் எங்கள் வீட்டில் அம்மா கேசரி கிண்டி அக்கம்பக்கத்துக்கே கொடுத்துவிட்டார். அதன்பின் அச்சகத்திலிருந்து ஒரு சத்தமும் இல்லை. இதற்கிடையில் தஞ்சோங் மாலிமில் ஒரு கிடங்கு அலுவலகம் என்னை எடுத்துக்கொள்வதாகச் சொன்னது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டுமாம். எனக்கோ அச்சகம்தான் ஆசை. ஆனால் வெள்ளி தாண்டினால் இரண்டும் போய்விடும்.

கடிதம் எழுத உட்கார்ந்தேன். தமிழ் வேலைக்கு மலாய் மொழியிலா கேட்பது? முதலில் எழுதியது ஒரே புகழ்மாலை. தங்கள் அன்பு, தங்கள் உபசரிப்பு, தங்கள் பொன்னான நேரம். படித்துப் பார்த்த அண்ணன், "கோயில் தலைவருக்கு நன்றி சொல்ற மாதிரி இருக்கு. கேள்வி எங்கலா?" என்றான். எரிச்சலில் அடுத்ததை நாலே வரியில் எழுதினேன். அது கடன்காரன் கதவைத் தட்டுவது போல இருந்தது. அம்மாவுக்கோ கேட்பதே பிடிக்கவில்லை. தெரிந்த மனுஷனை நெருக்கலாமா என்றார்.

கடைசியில் இப்படி அனுப்பினேன்:

"மதிப்பிற்குரிய ஐயா, சென்ற மாதம் தட்டச்சர் பணிக்கான நேர்காணலில் என்னைச் சந்தித்ததற்கு நன்றி. தங்கள் அச்சகத்தில் பணிபுரியவே விரும்புகிறேன். எனினும் வேறோர் இடத்துக்கு வெள்ளிக்கிழமைக்குள் நான் பதில் சொல்ல வேண்டியுள்ளது. ஆகவே, வியாழக்கிழமைக்குள் தங்கள் முடிவைத் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். வேறொருவரைத் தேர்ந்தெடுத்திருந்தாலும் தயங்காமல் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் யாரும் தவறாக எண்ண மாட்டோம்."

கடைசி வரி சுத்தப் பொய். அம்மா நிச்சயம் தவறாக எண்ணுவார்.

மறுநாளே முதலாளி போன் செய்தார். அனுபவமுள்ள ஒருவரை அப்போதே எடுத்துவிட்டாராம்.

"உங்கம்மா முகத்துல எப்படி முழிக்கிறதுன்னு தெரியாமத்தாம்மா தள்ளிப் போட்டுட்டே இருந்தேன். நீயே வழி விட்டுட்ட" என்றார்.

வலித்தது. முறுக்கின் மேல்கூடக் கோபம் வந்தது. நன்றி சொல்லி வைத்துவிட்டு, தஞ்சோங் மாலிமுக்கு வருகிறேன் என்று பதில் அனுப்பினேன். அம்மா இரண்டு நாள் அந்த அச்சகத்தின் பெயரையே எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை கோயிலில் அம்மாவைப் பார்த்ததும் முதலாளியே நடந்து வந்து பேசினாராம். அம்மா திரும்பி வந்து சொன்னார்: "பாவம், கேசரி கொடுத்ததையும் சொல்லிட்டேன். ரெண்டு பேரும் சிரிச்சிட்டோம்."