எண்பத்து மூன்று டிகிரி

பெங்களூர் பீன்யாவில் ஒரு மின்காப்புத் தகடு தயாரிக்கும் கம்பெனியில் நான் வடிவமைப்புக் கணக்குகள் போடுகிறவனாக இருந்தேன். மல்லேஸ்வரத்தில் அறை, மெட்ரோவில் வேலைக்குப் போய் வருவேன். அங்கே சோதனைக் கூடத்தில் ஒரு பெண் இருந்தார். ஜோகுபாளையத்துக்காரர், டிப்ளமோ படித்தவர், ஏறக்குறைய என் வயது. நான் அவரை மேடம் என்பேன், அவர் என்னை சார் என்பார். மதியச் சாப்பாட்டுக்கு ஒரே மேசை. அவருக்கு நான் செய்ததைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

ஒரு வாடிக்கையாளர் வழக்கமான தகட்டைப்போல ஒன்றரை மடங்கு தடிமனில் தகடு கேட்டார். உயர் மின்னழுத்தத்தில் இந்தத் தகடுகள் உள்ளுக்குள் சற்றுச் சூடாகும். சூடாக ஆக, கசியும் மின்சாரம் கூடும். அது கூடினால் சூடு இன்னும் கூடும். இரண்டு முகங்களையும் எண்ணெய் ஓடவிட்டு அறுபது டிகிரியில் வைத்திருப்போம். நடுவில் எத்தனை டிகிரியில் போய் நிற்கும் என்று சொல்வது என் வேலை.

அதற்கு நானே எழுதிய கணினி நிரல் ஒன்று இருந்தது. தடிமனை நாற்பது துண்டாக்கி, ஒவ்வொரு புள்ளியின் சூட்டையும் பக்கத்துப் புள்ளிகள் இரண்டோடு பிணைத்து ஒரு சமன்பாடு எழுதுவேன். கசிவு சூட்டோடு தாறுமாறாக ஏறுவதால் சமன்பாடுகள் நேர்கோட்டில் அமையாது. ஆகவே முதலில் ஒரு ஊகம். அந்த இடத்தில் வளைவைத் தொடுகோடாக எடுத்துக்கொண்டு, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தெரியாத எண்களை ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டு போய், திரும்பி வந்தால் எல்லாப் புள்ளிக்கும் திருத்தம் கிடைக்கும். அதைக் கூட்டிவிட்டு அடுத்த சுற்று. நியூட்டன் முறை. பழைய தகட்டுக்கு ஐந்தாறு சுற்றில் அறுபத்தைந்துக்குப் பக்கத்தில் நின்றுவிடும். சோதனையிலும் அதே எண் வரும்.

தடித்த தகட்டுக்கு அப்படி நடக்கவில்லை. நடுப்புள்ளி எழுபத்து நாலு, எண்பது, எண்பத்திரண்டு என்று ஏறி, திருத்தம் குறைந்துகொண்டே வந்து, இதோ நிற்கப்போகிறது என்கிறபோது ஒரே தாவலில் நூற்றுக்கணக்கில் எகிறியது. அடுத்த சுற்றுகளில் எண்களுக்கு அர்த்தமே இல்லை.

நான் என்ன நினைத்தேன் என்பது நன்றாக நினைவிருக்கிறது. திருத்தம் பெரிதாகப் போவதால் வரும் முரண்டு என்று நினைத்தேன். ஒவ்வொரு சுற்றிலும் வரும் திருத்தத்தில் இருபதில் ஒரு பங்கை மட்டும் கூட்டச் சொன்னேன். நிரல் சாதுவாகிவிட்டது. மெல்ல மெல்ல ஏறி எண்பத்து மூன்றில் நின்று ‘விடை குவிந்தது’ என்று அச்சிட்டது. வரைபடம் வழவழவென்று அழகாக இருந்தது. அறிக்கை அனுப்பினேன்.

என் நிரல் நிற்பதற்கு வைத்திருந்த நிபந்தனை, ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் மாற்றம் டிகிரியில் நூறில் இரண்டுக்குக் கீழே போக வேண்டும் என்பது. திருத்தத்தையே இருபதால் வகுத்துவிட்டேன் அல்லவா? மாற்றம் சின்னதாகத்தானே தெரியும்! ஒவ்வொரு புள்ளியிலும் உண்டாகும் சூடும் வெளியேறும் சூடும் ஒத்துப்போகிறதா என்று நான் பார்க்கவே இல்லை.

மேடம் தகட்டைச் சோதித்தார். நடுவில் புதைத்த, சூட்டை அளக்கும் உணர்கம்பி எண்பத்து மூன்று வரை ஏறியது, அங்கே மந்தமானது, வெகுநேரம் அப்படியே கிடந்தது, பிறகு மறுபடி வேகம் பிடித்தது. தொண்ணூற்றாறில் அவர் மின்சாரத்தை நிறுத்திவிட்டார். உணர்கம்பியை மாற்றி மறுநாளும் செய்தார். அதேதான். பதிவேட்டில் ‘நிலைக்கவில்லை’ என்று எழுதிவைத்தார்.

மேலாளர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். கன்னடமும் இங்கிலீஷுமாகப் பேசுகிற மனிதர், கெட்டவர் அல்ல. என் வரைபடத்தையும் மேடத்தின் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எண்பத்து மூன்றில் மந்தமானதே, கணக்கு சொன்ன எண் அதுதானே, அதற்கப்புறம் ஏறியது உணர்கம்பி நகர்ந்ததால் இருக்கலாமே என்று என்னைக் கேட்டார்.

மேடம் என்னைப் பார்த்தார். “சார், ரெண்டு நாளும் ரெண்டு வேற கம்பி. ரெண்டும் ஒரே எடத்துல எப்படி நகரும்?” என்றார்.

அவர் கேட்டது நியாயமாகத்தான் பட்டது. இருந்தும், “கணக்கு குவிஞ்சிருக்கு மேடம். பொருத்துறதுல ஏதாவது இருக்கலாம்” என்றேன்.

அந்த வாரமே அவரைச் சோதனைக் கூடத்திலிருந்து எடுத்து, வந்திறங்கும் சரக்கைச் சரிபார்க்கும் பகுதிக்கு அனுப்பினார்கள். சாப்பாட்டு நேரம் மாறிவிட்டது. மறுசோதனைக்குப் புதிதாக ஒருவர் வரவேண்டும் என்று தகடு காத்திருந்தது.

பிறகு ஒரு நாள் வேறு வேலைக்காக நிரலில், உண்டாகும் சூட்டிலிருந்து வெளியேறும் சூடு போக வரும் மிச்சத்தையும் அச்சிடச் செய்தேன். சும்மா தடித்த தகட்டின் கோப்பையும் ஓட்டிப் பார்த்தேன். எண்பத்து மூன்றில் மிச்சம் பூஜ்ஜியம் ஆகவில்லை. பக்கத்தில்கூடப் போகவில்லை. மின்னழுத்தத்தைச் சற்றுக் குறைத்துப் பார்த்தேன்: இருபதால் வகுக்காமலே விடை வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். கேட்ட மின்னழுத்தத்தை எட்டும் முன்பே விடை இல்லாமல் போயிற்று. அந்தத் தகடு எந்தச் சூட்டிலும் நிலைக்காது. நிரல் முதல் நாளே எகிறிக் காட்டியது இதைத்தான். மேடம் எழுதியதும் இதைத்தான்.

அந்தத் தாளை அச்சிட்டு மேசை இழுப்பறையில் வைத்தேன். பதினோரு நாள் வைத்திருந்தேன். இன்னொரு முறை சரிபார்க்க வேண்டும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆனால் ஒரு தடவைகூடச் சரிபார்க்கவில்லை. சரக்குப் பகுதி வழியாகப் போகாமல் சுற்றிக்கொண்டு கேன்டீனுக்குப் போனேன். மறுசோதனைக்கு ஆள் வந்துவிட்டார், நாளை தொடங்குகிறார் என்று கேள்விப்பட்டபோதுதான் பயம் வந்தது. தகடு துளைபட்டு எரிந்தால் பக்கத்தில் நிற்பவர் அவர். மேலாளரிடம் போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை. சோதனையை நிறுத்தினார், வாடிக்கையாளருக்கு எழுதினார், மேடத்தைத் திரும்ப அழைக்கச் சொன்னார். அவரிடம் நீங்களே சொல்லுங்கள் என்றார்.

பெட்டிகளுக்கு நடுவே நின்று சரக்கை எண்ணிக்கொண்டிருந்த மேடத்திடம் என் அச்சுத்தாளைக் கொடுத்து விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

“நான் அளந்தது சரின்னு எனக்கு அன்னிக்கே தெரியும் சார். உங்களுக்கு எப்ப தெரிஞ்சுது?”

“நேத்து” என்றேன்.

தாளின் மேல் ஓரத்தில் நிரல் ஓடிய தேதி இருந்தது. அவர் கண் அங்கே போய் நின்றதைப் பார்த்தேன். தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

மறுநாள் போய், நேத்து என்றது பொய், தெரிந்தும் பதினோரு நாள் வைத்திருந்தேன் என்று சொன்னேன். “சரி சார்” என்றார். கோபமாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சோதனைக் கூடத்துக்கு அவர் திரும்பவில்லை. ஒசூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை தேடிக்கொண்டதாகவும் ஆனேக்கல் வழியாகத் தினம் பஸ் இருக்கிறதென்றும் மேலாளரிடம் சொல்லியிருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை.

தடித்த தகட்டுக்குப் பதிலாக இரண்டு மெல்லிய தகடுகளும் நடுவே எண்ணெய் ஓட வழியுமாக வடிவத்தை மாற்றினோம். இந்த முறை மிச்சம் பூஜ்ஜியம்வரை இறங்கியதைப் பார்த்த பிறகே எண்ணை எழுதினேன். சோதனை ஒரு டிகிரிக்குள் ஒத்துவந்தது. மேலாளர் கை கொடுத்தார். பதிவேட்டில் அளந்தவர் என்ற இடத்தில் புதிதாக வந்தவரின் கையெழுத்து இருந்தது. அதன் கீழே கணக்கிட்டவர் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன்.