சர்க்கரைக்கு ஏ கிரேடு

எங்கள் வீட்டில் டீயில் போடுவது சீனி. அப்பாவுக்கு இருப்பது சர்க்கரை. இந்த இரண்டையும் எங்கள் வீட்டில் யாரும் குழப்பிக்கொண்டதில்லை. குழப்பியது நான்தான்.

திருச்சியில் ஒரு நாளிதழில் பதினேழு ஆண்டுகள் துணையாசிரியராக இருந்தேன். செய்தியில் சீனி என்று வந்தால் அடித்துவிட்டுச் சர்க்கரை என்று எழுத வேண்டும் என்பது அங்கே விதி. சீனி வட்டார வழக்காம். அந்த வேலையை விட்டு அறந்தாங்கிக்கு வந்த பிறகும், அச்சில் உள்ள எதையாவது உரக்கப் படித்தால் அந்த விதி என் வாயில் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அம்மா போன பிறகு அப்பா என்னோடு வந்துவிட்டார். ஆவுடையார்கோவில் பக்கத்தில் இருக்கும் வயலை மட்டும் விடவில்லை. வாரத்தில் மூன்று நாள் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். அறுவடை சமயத்தில் ஒருநாள் திரும்பி வந்தபோது வாசலிலிருந்து அடுப்படி வரை தரையில் சிவப்பாகப் புள்ளிகள். புதுச் செருப்பின் வார் வலது காலின் கட்டைவிரலை அறுத்திருந்தது. அவருக்கு அது தெரியவே இல்லை. பாதத்தில் உணர்ச்சி குறைந்து இரண்டு வருடம் ஆகிவிட்டது.

மருத்துவர் விரலை அழுத்திப் பார்த்தார். சின்ன வயதுப் பெண். அப்பாவிடம் பேசாமல் என்னிடமே பேசினார்.

“மூணு வாரம் மருந்து கட்டிப் பாப்போம். சுகர் எறங்குனாத்தான் புண்ணு ஆறும். எறங்கலைன்னா வெரலை எடுக்க வேண்டி வரும்.”

அப்பா வெளியே வந்து ஆட்டோவில் உட்கார்ந்ததும் சொன்ன முதல் பேச்சு, “தம்பிட்ட சொல்லிராத ஆத்தா. புதுக் கம்பெனி. வருசம் முடியல. லீவு கேட்டான்னா அனுப்பிவிட்டுருவாய்ங்க.”

என் தம்பி குவைத்தில் இருக்கிறான். சர்க்கரை கொஞ்சம் கூடியிருக்கிறது என்று மட்டும் அவனுக்குச் சொன்னேன். புண்ணைச் சொல்லவில்லை. அவன் தன்னால் ஆனதைச் செய்தான். வேலை முடிந்ததும் சூப்பர் மார்க்கெட்டுக்குப் போய், அலமாரியில் இருக்கும் டப்பாக்களின் பார்கோடை ஒவ்வொன்றாக போனில் பிடித்தான். அதற்கென்று ஒரு செயலி வைத்திருந்தான். கோடுகளைக் காட்டினால் பொருளின் பெயர் வரும். சர்க்கரைக்கு ஓர் எழுத்து, ஏ என்றால் குறைவு, ஈ என்றால் மிக அதிகம். கீழே, சேர்க்கப்பட்ட ரசாயனங்களின் பட்டியல், ஒவ்வொன்றின் பக்கத்திலும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒரு பொட்டு. அந்தத் திரையை அப்படியே படம் பிடித்து எனக்கு அனுப்புவான். கூட ஒரு வரியும் எழுத மாட்டான். அவன் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

காலையில் காலுக்குக் கட்டுப் போட்டு முடித்த பிறகு அப்பா கேட்பார்: “தம்பிட்டேர்ந்து ஏதும் வந்துருக்கா?”

வந்திருந்தால் படிக்க வேண்டும். முழுவதும். போனில் அவன் பேசுவது வெள்ளிக்கிழமை மட்டும். அதுவும் நாலு வார்த்தை. மற்ற நாட்களில் இந்தப் படங்கள்தான். அப்பா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, ஆங்கிலம் தெரியாவிட்டாலும் எனக்குச் சமமாகத் திரையைப் பார்த்துக்கொண்டே கேட்பார். பொட்டுகளை எண்ணுவார். “செவப்பு ஒண்ணு கெடக்கே. அது என்னாது?” என்பார். நிறமி என்பேன். “கோலப்பொடியத் திங்கச் சொல்றானா,” என்பார். அதில் ஒரு சந்தோஷம் இருந்தது.

ஒருநாள் வந்த படத்தில் ஒரு சத்துமாவு டப்பா இருந்தது. பாலிலோ வெந்நீரிலோ கலக்கிக் குடிப்பது. அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து படித்தேன்.

“சர்க்கரைக்கு ஏ கிரேடு. நூறு கிராமுல மூணு கிராம்தான்.”

“ஏ கிரேடா?”

“ஆமா. பச்சைல போட்டுருக்கு. சேர்க்கை மூணு. ரெண்டுக்குப் பச்சப் பொட்டு. செயற்கை இனிப்புக்கு மட்டும் மஞ்சள்.”

அப்பா தலையை ஆட்டினார். நாற்பது வருடம் நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்கு ஏற்றிப் போனவர் அவர். அங்கே சன்ன நெல்லுக்கு ஏ கிரேடு என்று எழுதுவார்கள். குண்டு நெல்லுக்கு அது கிடைக்காது, பொதுரகம் என்றுதான் எழுதுவார்கள். அந்த எழுத்தை வாங்குவதற்காக மூட்டைக்குப் பக்கத்திலேயே நாள்கணக்கில் காத்துக் கிடந்திருக்கிறார். ஆங்கிலத்தில் அவருக்கு மிகவும் நம்பிக்கையான எழுத்து அதுதான்.

“ஏ கிரேடுன்னா எடுத்து அனுப்பச் சொல்லு,” என்றார்.

அந்தப் படத்தின் அடி ஓரத்தில் ஒரு வரி பாதியாக வெட்டுப்பட்டிருந்தது. எழுத்துகளின் தலை மட்டும் தெரிந்தது. என் கண் அதில் ஒரு நொடி நின்றது. பத்திரிகையில் இடம் போதவில்லை என்றால் செய்தியைக் கீழிருந்துதான் வெட்டுவோம். முக்கியமானது எல்லாம் மேலே வந்திருக்கும் என்பது பழக்கம். அதனால் மீதியை அனுப்பு என்று தம்பியிடம் கேட்கவில்லை.

விடுப்பில் ஊருக்கு வந்த ஒருவர் மூலம் இரண்டு டப்பாக்கள் வந்து சேர்ந்தன. அப்பா அவற்றைத் தன் மாத்திரைகளுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். வெறும் வயிற்றில் கைவிரலைக் குத்தி ரத்தச் சர்க்கரை பார்க்கும் வேலை என்னுடையது. முதல் வாரம் 190 வரை இறங்கியிருந்த எண், டப்பா வந்த பிறகு 230 ஆனது. பிறகு 260. சோற்றைக் குறைத்தேன். வயலுக்குப் போகிற வழியில் வாழைப்பழம் சாப்பிடுகிறாரா என்று கேட்டேன். வயலுக்கே போகாமல் படுத்திருப்பவரிடம் அப்படிக் கேட்டேன்.

“ஏன், கெழவன் திருட்டுத்தனமா திங்கிறான்னு நெனக்கிறியா?” என்றார். கோபமில்லை. நான் போலீஸ் வேலைக்குப் போயிருக்க வேண்டும் என்றும் சொன்னார்.

டப்பா வந்த பத்தாம் நாள் அலமாரியைத் துடைக்கும்போது ஒரு டப்பாவைத் தூக்கினேன். எடையே இல்லை. இரண்டாவதைத் திறந்தேன். பாதி. டப்பாவில் போட்டிருப்பதுபோல் ஒரு நாளைக்கு இரண்டு கரண்டி என்றால் ஒரு டப்பாவே ஒரு மாதம் வர வேண்டும்.

“அப்பா, இத எத்தன தடவ குடிக்கிறீங்க?”

“மூணு வேளையும்தான். கட்டியாக் கரைச்சா நல்லாருக்கு.”

“யாரு மூணு வேளை குடிக்கச் சொன்னா?”

அவர் என்னைப் புரியாமல் பார்த்தார். “நீதான ஆத்தா படிச்ச. சர்க்கரைக்கு ஏ கிரேடுன்னு. சர்க்கரைக்கு நல்லதுன்னா மூணு வேளையும் குடிச்சா சீக்கிரம் எறங்குமேன்னு பாத்தேன். ராத்திரி மாத்திரையக்கூட பாதியாத்தான் போடுறேன். ரெண்டும் சேந்து ரொம்ப எறங்கிரக் கூடாதுல்ல.”

நான் சீனி என்று படித்திருந்தால் போதும். சீனி குறைவு என்பது அவருக்கு உடனே புரிந்திருக்கும். சர்க்கரைக்கு ஏ கிரேடு என்றால் அவர் காதில் நோய்க்கு ஏ கிரேடு. மருந்து.

டப்பாவை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பின்பக்கத்துச் சிறிய எழுத்தைப் படித்தேன். சீனி மூன்று கிராம். செயலி சொன்னது பொய்யில்லை. அதற்கு மேல் வரியில் மொத்த மாவுச்சத்து: நூற்றுக்கு எழுபத்தெட்டு கிராம். சேர்மானப் பட்டியலில் முதல் பெயர் மால்டோடெக்ஸ்ட்ரின். மாவிலிருந்து எடுப்பது. நாக்குக்கு இனிப்பு அவ்வளவாகத் தெரியாது. சீனிக் கணக்கிலும் பெரும்பாலும் வராது. ஆனால் வயிற்றுக்குள் போனதும் சீனி மாதிரியே வேகமாக ரத்தத்தில் ஏறிவிடும். செயலி பொட்டு வைக்கும் ரசாயனச் சேர்க்கைகளின் வரிசையில் அது சேராது. அதனால் பொட்டும் இல்லை. பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை.

பழைய படத்தை எடுத்துப் பார்த்தேன். பாதி வெட்டுப்பட்ட அந்த வரி மாவுச்சத்து வரிதான். தெரிந்த பிறகு, எழுத்துகளின் தலையை வைத்தே படிக்க முடிந்தது.

அன்றே மருத்துவரிடம் போனோம். மாத்திரையை முழுதாகப் போட்டு, மாவை நிறுத்தி, ஊசியும் தொடங்கினார்கள். எண் இறங்கியது. விரல் அதற்குள் கறுத்துவிட்டது. மூன்றாவது வாரம் முடிவதற்குள் புதுக்கோட்டைக்கு அனுப்பினார்கள். அங்கே சேர்க்கும்போது எல்லாரும் கேட்பதைப் போல அங்கிருந்த மருத்துவரும் கேட்டார், என்ன சாப்பிட்டீங்க ஐயா என்று.

“வெளிநாட்டு மாவுங்க,” என்றார் அப்பா. “ஏ கிரேடு.” என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

மறுநாள் கட்டைவிரலை எடுத்தார்கள். நான் அந்த மருத்துவரைத் தனியாகப் பார்த்து, மாவு குடிக்காமல் இருந்திருந்தால் விரல் தங்கியிருக்குமா என்று கேட்டேன். ரத்த ஓட்டம் முன்பே மோசம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். பத்திரிகையில் இந்தப் பதிலை நான் நூறு முறை சுருக்கிப் போட்டிருக்கிறேன். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று இப்போதும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் ஆன பிறகு ஒரு காலை. கட்டு மாற்றி முடித்திருந்தேன். அப்பா காலைத் தலையணை மேல் வைத்திருந்தார். விரல் இருந்த இடத்தை அவர் பார்ப்பதில்லை. கட்டு மாற்றும்போது சுவரில் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

“தம்பிட்டேர்ந்து ஏதும் வந்துருக்கா?”

வந்திருந்தது. ஓட்ஸ் பிஸ்கட். இந்த முறை நான் கேட்டிருந்தபடி பக்கம் முழுவதையும் நான்கு படங்களாகப் பிடித்து அனுப்பியிருந்தான். ஏன் என்று அவன் கேட்கவில்லை. விரல் போனதை நாங்களும் சொல்லவில்லை.

“சீனிக்கு பி போட்டுருக்கு,” என்று தொடங்கினேன்.

“பொதுரகம்,” என்றார்.

“சேர்க்கை ரெண்டு. ரெண்டும் பச்சை.”

“அடில படி. மாவு எவ்வளவு?”

“நூத்துக்கு அறுவத்தாறு.”

அவர் காலண்டரைப் பார்த்தார். பிறகு, “அனுப்ப வேணாம்னு போடாத. மனசு சங்கடப்படுவான். போன தடவ அனுப்புன மாவு நல்லாருந்துச்சு, இன்னம் கெடக்குன்னு போடு.”

பதினேழு ஆண்டுகள் மற்றவர்கள் எழுதியதில் பொய் இருக்கிறதா என்று தேடியவள் நான். அவர் சொன்னதை ஒரு சொல் மாற்றாமல் தட்டினேன். அவன் விழித்திருந்தான் போல. உடனே பதில் வந்தது. எப்போதும் போல எழுத்து இல்லை. ஒரு படம் மட்டும்.

“என்னங்கிறான்?”

“சரின்னு சொல்றான்ப்பா.”

“காட்டு.”

போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். திரையில் மஞ்சளாக ஒரு கட்டைவிரல் நிமிர்ந்து நின்றது. அப்பா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு அதைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மடித்துப் பக்கத்தில் வைத்தார்.

“சரி. டீயப் போடு,” என்றார். “சீனி வேணாம்.”