பார்க்காமல் போட்ட கையெழுத்து

கல்லூரியில் அவள் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் ‘பயந்தாங்கொள்ளி மிஸ்’. பொய்யில்லை. முதல்வர் கூப்பிட்டு அனுப்பினால் என்ன ஏதென்று கேட்குமுன்பே ‘சரிங்க’ என்றுவிடுவாள். பத்தொன்பது வருஷமாக வேலை பார்க்கிறாள், ஒரு நாள்கூட யாரையும் எதிர்த்துப் பேசியதில்லை. மாணவிகளைத் தொழிற்பயிற்சிக்கு அனுப்பும் பொறுப்பை அவள் தலையில் கட்டியதே அதனால்தான்!

அன்று அந்தத் தகடு வெட்டும் தொழிற்சாலையில் பன்னிரண்டு மாணவிகளுக்கு ஆறு மாதப் பயிற்சி முடிகிற நாள். அவள் கையெழுத்துப் போடுவதற்காக மேலாளர் பன்னிரண்டு பயிற்சி நோட்டுகளை அடுக்கி வைத்தார். ‘அச்சு பொருத்தக் கற்றுக்கொண்டார், அளவு சோதிக்கக் கற்றுக்கொண்டார்.’ எல்லாவற்றிலும் ஒரே பேனா, ஒரே கையெழுத்து. அவளுக்கு என்னமோ உறுத்தியது.

“ஒரு தடவை உள்ளே பார்த்துட்டு வந்துடறேன் சார்.”

உள்ளே போனாள். பிரஸ் எந்திரத்துக்கு இரண்டு பொத்தான்கள். இரண்டு கையாலும் சேர்த்து அழுத்தினால்தான் தகட்டை வெட்டும் அச்சு கீழே இறங்கும்; கை நடுவில் மாட்டாமல் இருக்க அப்படி ஏற்பாடு. இங்கே ஒரு பொத்தானை டேப் சுற்றி அழுத்தி வைத்திருந்தார்கள். மாணவி ஒரு கையால் தகட்டைத் தள்ளி, மறு கையால் இன்னொரு பொத்தானைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

“ஐயோ, யாரும்மா இப்படி ஒட்டினது?”

“வந்தப்பவே இருந்துச்சு மிஸ். இல்லன்னா ஒரு நாளைக்குச் சொன்ன எண்ணிக்கை வராது.”

“அந்த அச்சைக் கழட்டி மாட்டிக் காட்டு.”

“அதைத் தொட விட மாட்டாங்க மிஸ்.”

“சரி, நீ பழகும்போது கெடுத்த துண்டு ஏதாவது இருக்கா?”

“கெடுக்கறதுக்கு என்ன மிஸ் இருக்கு? ஆறு மாசமா இந்த ஒரே துண்டுதான்.”

கெடுக்கவே விடாத இடத்தில் என்னத்தைக் கிழித்துக் கற்றுக்கொள்வது? பாதிச் சம்பளத்துக்கு முழு ஆள், அவ்வளவுதான்.

அவள் திரும்பி வந்ததும் மேலாளர் சிரித்தபடியே பேனாவை நீட்டினார். “முதல்வர்கிட்ட பேசிட்டேன் மேடம். போட்டுடுங்க. இல்லன்னா இந்தப் பிள்ளைங்களுக்கு ஆறு மாசம் வீண். உங்களுக்கும் எதுக்கு வம்பு?”

அவள் பேனாவை வாங்கவில்லை. வேலை போய்விடுமோ என்று பயம். அதைவிட அந்த டேப்பை நினைத்துப் பயம்.

“போட மாட்டேன் சார். இவங்களுக்கு வேற இடம் பார்க்கிறேன்” என்றாள். மாணவிகளை அழைத்துக்கொண்டு பேருந்தில் ஏறினாள்.

பக்கத்தில் உட்கார்ந்த மாணவி மெல்லக் கேட்டாள். “மிஸ், போன வருஷம் நம்ம சீனியர் அக்காங்களும் இங்கதான் இருந்தாங்க. அவங்களையும் அச்சைத் தொட விடலயாம். அவங்க நோட்டுல மட்டும் எப்படிக் கையெழுத்துப் போட்டீங்க?”

போன வருஷம் பதினான்கு நோட்டுகளும் கல்லூரியில் அவள் மேசைக்கே வந்தன; டீ ஆறுவதற்குள், எதையும் பார்க்காமலே கையெழுத்துப் போட்டு முடித்திருந்தாள்.

“அந்த நோட்டைக் காட்டித்தான் ஒரு அக்காவுக்கு வேற கம்பெனியில வேலை கிடைச்சுது மிஸ். அச்சு மாட்டற வேலை. எந்திரத்துக்குள்ள கையை விட்டுத்தான் மாட்டணுமாம்.”

அவள் சட்டென்று திரும்பினாள். “எப்போ சேர்ந்தா?”

“இன்னிக்குத்தான்.”

“அவ நம்பர் குடு, சீக்கிரம் குடு!”

“இப்ப எடுக்க மாட்டாங்க மிஸ். ஷிஃப்ட் ஆரம்பிச்சிருக்கும்.”